ஒரத்துப்பாளையம் அணையும் நொய்யலின் உப்பும்

நுழையும்முன்

கழிவு கலந்தால் ஆறு கெடும் என்பதை அனைவரும் அறிவர். ஆனால் கலக்கும் கழிவு எவ்வகையினது என்பதைப் பொறுத்தே ஆறு தன்னைத் தானே மீட்டுக்கொள்வதும் மீளாமற்போவதும் அமைகின்றன. இவ்வேறுபாட்டை நொய்யலாற்றின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஆறும் அணையும்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். ஆண்டு முழுதும் நீரோடும் ஆறன்று இது. மழைக்காலத்தில் பெருகிப் பிற மாதங்களில் வற்றும் இயல்புடையது. ஆகவே திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கு அருகில், பாசனத்திற்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் அணையில் தேங்கியது மழைநீரன்று, திருப்பூர்ச் சாயக்கழிவே என்னும் நிலை உருவாயிற்று. அணையால் பயன்பெற வேண்டிய உழவர்களே அதில் நீரைத் தேக்க வேண்டா என்று கேட்கும்படி ஆனது. பாசன அணை ஒன்றுக்கு இதைவிடப் பெரிய முரண் நேர்ந்திருக்க முடியாது.

சூழல் மண்டலம் தூய்மை செய்யும் முறை

நீர்நிலை ஒரு சூழல் மண்டலம். பாசிகளும் நீர்த்தாவரங்களும் அதன் உற்பத்தியாளர்கள். புழுக்கள், மீன்கள், பறவைகள் நுகர்வோர். பாக்டீரியங்களும் பூஞ்சைகளும் சிதைப்போர். ஊர்ச் சாக்கடை சிறிதளவு ஆற்றில் கலந்தால் சிதைப்போர் அதனை உணவாகக் கொள்கின்றன. அப்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் செலவாகிறது. அச்செலவின் அளவையே உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை என்கிறோம். கழிவு மிகாமல் இருந்தால், சில கல் தொலைவு ஓடியதும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பெற்று ஆறு ஓரளவு தெளிந்துவிடும். கழிவு மிகுந்தால் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடியும், நீர் நாறும்.

நீர், நிலம், காற்று, ஒலி என மாசடையும் பொருளைக் கொண்டு மாசுபாட்டைப் பகுப்பது வழக்கம். நொய்யலைப் புரிந்துகொள்ள அப்பகுப்பு போதாது. சிதையும் மாசு, சிதையா மாசு என்னும் பகுப்பே இங்குத் தேவைப்படுகிறது. உப்பு சிதையா மாசு. அதனை உணவாகக் கொண்டு அழிக்கும் பாக்டீரியம் எதுவும் இல்லை. நீர் ஆவியாகும், உப்பு எஞ்சும்.

உப்பு எங்கிருந்து வந்தது?

பின்னலாடைக்கு உரிய பருத்தித் துணியைச் சாயமிடும் தொட்டியில் சாதாரண உப்போ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ சேர்க்கப்படுகிறது. நீரில் பருத்தி இழையும் சாய மூலக்கூறும் எதிர்மின் தன்மை கொள்வதால் ஒன்றையொன்று விலக்கும். உப்பு அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின்பால் செலுத்துகிறது. ஒரு லிட்டர் சாயநீருக்குப் பல பத்துக் கிராம் உப்பு வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்குவதில்லை. முழுதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

தொடக்கத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் இட்டுச் சாயத்தை வீழ்படிவாக்கினர். நிறம் பெருமளவு குறைந்தது, உப்பு குறையவில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரைத் தூயநீர் என்று கொள்ளும் பிழை இங்கேதான் நேர்கிறது. ஒரு கிண்ணம் நீரைக் காய்ச்சி வற்றச் செய்தால் அடியில் படியும் வெண்மை உண்மையைக் காட்டிவிடும். ஆய்வகத்தில் மின்கடத்துத்திறனை அளந்து, கரைந்த மொத்தத் திண்மங்களின் அளவைக் கணிப்பர்.

தெரிந்து தெளிவோம்: குடிநீரில் கரைந்த மொத்தத் திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் ஏற்புடையது என இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. வேறு நீராதாரம் இல்லாதவிடத்து 2000 மில்லிகிராம் வரை ஏற்கப்படும்.

நிலத்தில் நிகழ்வது

லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள நீரை ஓர் ஏக்கர் நிலத்தில் 5 செ.மீ. உயரத்திற்குப் பாய்ச்சுவதாகக் கொள்வோம். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4047 சதுர மீட்டர். எனவே பாயும் நீர் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். அதிலுள்ள உப்பு 600 கிலோகிராம், அதாவது 50 கிலோ மூட்டைகள் பன்னிரண்டு. இது ஒரே ஒரு பாசனத்தின் கணக்கு.

உப்பு மிகுந்த மண்ணிலிருந்து வேர்கள் நீரை உறிஞ்ச இயலா. மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடும். இலை விளிம்பு கருகும். சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துச் சிதறச் செய்வதால், மேற்பரப்பு இறுகி நீர் உள்ளிறங்காது. வேர்ப்பகுதியைத் தாண்டி இறங்கும் உப்போ கிணற்றை அடைகிறது. கழிவு நின்ற பின்னும் கிணற்றுநீர் விரைவில் மாறாமைக்கு இதுவே காரணம்.

காத்தல் நடவடிக்கைகள்

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாமை என்னும் நெறியைச் சாயத்தொழில் பின்பற்ற வேண்டும் என 2006இல் நீதிமன்றம் ஆணையிட்டது. 2009இல் உச்சநீதிமன்றமும் சாயத்தொழிலின் பொறுப்பை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர் என்பதையும் இங்கு மறைத்தல் தகாது. ஆற்றின் கேட்டுக்கும் அதன் தீர்வுக்கும் உரிய விலையை உழவரும் தொழிலாளருமே முதலில் செலுத்தினர்.

இந்நெறியின்படி, கழிவுநீரிலுள்ள சிதையும் பொருள்களை முதலில் பாக்டீரியங்களைக் கொண்டு நீக்குவர். பின் வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து மீண்டும் சாயமிடப் பயன்படுத்துவர். எஞ்சும் உவர்நீரை ஆவியாக்கி உப்பை மீட்பர். லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள 1 லட்சம் லிட்டர் கழிவுநீரில் 85 விழுக்காடு நீர் மீட்கப்பட்டால், 600 கிலோகிராம் உப்பும் எஞ்சிய 15,000 லிட்டரில் தங்கும். அதன் செறிவு லிட்டருக்கு 40 கிராம். கடல்நீரினும் உவர்ப்பான இதனை ஆவியாக்க மிகுந்த எரிபொருள் செலவாகிறது. செலவுக்கு அஞ்சி இரவிலோ மழைநாளிலோ கழிவைத் திறந்துவிடும் தவறு எழுவது இப்படிநிலையில்தான். தூய சோடியம் சல்பேட்டைத் திரும்பவும் பயன்படுத்தலாம். பலவகை உப்புகள் கலந்த கசடுக்குப் பயன் குறைவு; மழைநீர் படாத கூரையின்கீழ் அதைச் சேமித்தாக வேண்டும்.

குறுவினா: விடைச் சட்டகம்

1. சிதையும் மாசு, சிதையா மாசு: வேறுபடுத்துக.
சிதையும் மாசினை ………… உணவாகக் கொள்வதால் அது காலப்போக்கில் …………. சிதையா மாசு நீர் ஆவியான பின்னும் …………. எடுத்துக்காட்டு: …………

2. நிறமற்ற கழிவுநீரும் தீங்கானதாகலாம். ஏன்?
சுண்ணாம்புச் சுத்திகரிப்பு ………… நீக்கும், ………… நீக்காது. இதனை ………… அளந்து அறியலாம்.

3. ஈரமிருந்தும் பயிர் வாடுவதன் காரணம் யாது?
மண்ணில் ………… மிகுவதால் வேர்கள் …………. சோடியத்தால் மண்ணின் மேற்பரப்பு …………

சிறுவினா

1. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீரை அரை ஏக்கரில் 5 செ.மீ. உயரத்திற்குப் பாய்ச்சினால் நிலத்தில் சேரும் உப்பு எவ்வளவு? கணக்கிட்டு, படிகளை எழுதுக.

2. எதிர்ச்சவ்வூடு பரவலோடு சுத்திகரிப்பு நிறைவுறாமைக்குக் காரணம் கூறுக.
(சட்டகம்: மீளும் நீர் – எஞ்சும் உவர்நீர் – ஆவியாக்கும் செலவு – கலப்பு உப்பின் சேமிப்பு)