மரச் சாமான்களுக்கு விவரம் எழுதும் முறை

மளிகை, பாத்திரம், ஸ்டேஷனரி என்று வியாபாரம் செய்து வரும் நம் உறுப்பினர்களில் பலர் இப்போது கட்டில், பீரோ, டைனிங் டேபிள் போன்ற மரச் சாமான்களையும் விற்று வருகிறார்கள். கல்யாண சீசனில் சீர்வரிசைக்காக ஆர்டர் எடுத்துத் தருபவர்களும் உண்டு. இவர்கள் விலைப்பட்டியலிலும், நோட்டீஸிலும், கைபேசியில் அனுப்பும் படத்துக்குக் கீழேயும் ஓரிரு வரி விவரம் எழுதுகிறார்கள். தகராறு பெரும்பாலும் அந்த ஓரிரு வரியிலிருந்துதான் கிளம்புகிறது. அதை எப்படி எழுதுவது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் "தேக்குக் கட்டில், 6½ x 5 அடி, டிராயருடன், ரூ. 42,000" என்று எழுதி ஒரு கட்டில் விற்றார். வாங்கியவர் வீட்டில் தினமும் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைப்பார்கள். அடுத்த மழைக்காலத்திற்குள் டிராயரின் அடிப்பலகை உப்பி, ஓரம் பிரிந்து, உள்ளே இருந்த மரத்தூள் உதிர ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்த ஆசாரி தலைப்பலகையின் பின்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்து, "இதுவும் தேக்கு இல்லை" என்று சொல்லிவிட்டார்.

உண்மையில் அந்தக் கட்டிலின் நான்கு கால்களும் பக்கச் சட்டங்களும் அசல் தேக்குதான். ஆனால் வாங்கியவர் அதையும் நம்பத் தயாராக இல்லை. கடைசியில் கடைக்காரர் டிராயரை பிளைவுட்டில் புதிதாகச் செய்து கொடுத்து, ரூ. 6,000 திருப்பியும் தந்தார். அவர் விற்ற சரக்கில் குறை ஏதும் இல்லை, கேட்ட விலையும் நியாயமானதுதான். "தேக்குக் கட்டில்" என்ற இரண்டு சொல்தான் அவருக்கு நஷ்டத்தை உண்டாக்கியது.

மூன்று சரக்கு, மூன்று குணம்

முழு மரம் என்பது மரத்தை அறுத்து எடுத்த பலகை அல்லது சட்டம். மேலே தெரிவதே உள்ளேயும் இருக்கும். கீறல் விழுந்தால் இழைத்து மறுபடி பாலிஷ் போடலாம். ஆனால் அகலமான முழுப் பலகை, காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். சரியாகக் காயாத மரமாக இருந்தால் வளையும் அல்லது வெடிக்கும். சிறு சிறு மரத் துண்டுகளைப் பல்பல்லாக வெட்டிக் கோத்து ஒட்டிய பலகையும் சந்தையில் உண்டு. ரப்பர் மரச் சாமான்களில் இதை நிறையப் பார்க்கலாம். அதுவும் முழு மரம்தான். ஆனாலும் "துண்டுகள் இணைத்த பலகை" என்று சேர்த்து எழுதுவதே நல்லது.

இன்ஜினியர்டு வுட் என்பது ஒரே சரக்கின் பெயர் அல்ல. பிளைவுட், பிளாக் போர்டு, எம்.டி.எப்., பார்ட்டிக்கிள் போர்டு எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர். பிளைவுட் என்பது மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது. எம்.டி.எப். மரநாரை அழுத்திச் செய்தது. பார்ட்டிக்கிள் போர்டு மரத்தூளையும் சிறு சீவல்களையும் பசையோடு அழுத்தியது. தண்ணீர் பட்டால் சாதாரண பார்ட்டிக்கிள் போர்டு உப்பும். உப்பினால் பழைய அளவுக்குத் திரும்பாது. ஸ்க்ரூவைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் ஓட்டை தளர்ந்துவிடும். நல்ல பிளைவுட் இந்த இரண்டையும் எவ்வளவோ தாங்கும். ஆகவே "இன்ஜினியர்டு வுட்" என்று மட்டும் எழுதினால், "எண்ணெய்" என்று மட்டும் எழுதி டின்னை விற்பது போலத்தான்.

வெனீர் என்பது அசல் மரத்தைச் சீவி எடுத்த மெல்லிய தகடு. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இதை பிளைவுட் அல்லது எம்.டி.எப். மேல் ஒட்டுவார்கள். மேலே தெரிவது உண்மையான தேக்குதான், உள்ளே இருப்பது வேறு. தட்டையாகவே நிற்கும் என்பதால் அகலமான தலைப்பலகைக்கும் பீரோ கதவுக்கும் இது பொருத்தமானது. ஆனால் முழு மரத்தைப் போல இழைக்க முடியாது. அழுத்தித் தேய்த்தால் உள்பலகை வெளியே வந்துவிடும்.

மைக்கா என்று நாம் சொல்வது வேறு. அது மரத்தின் ரேகையை அச்சிட்ட தாளைப் பிசினில் தோய்த்து, அடுக்கி அழுத்திய தகடு. அதில் மரமே கிடையாது. சூடும் கீறலும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் அதை வெனீர் என்று எழுதுவது பொய்.

எந்தச் சரக்கு என்று கண்டுபிடிப்பது எப்படி?

எடையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. கனமாக இருந்தால் அசல் மரம் என்று வாங்குபவர்களும் நினைக்கிறார்கள், நம்மில் பலரும் அதையே சொல்லி விற்கிறோம். அது தவறு. 5 அடிக்கு 2 அடி, 18 மி.மீ. கனமுள்ள ஒரு பலகை தேக்கில் சுமார் 11 கிலோ இருக்கும். அதே அளவு எம்.டி.எப். சுமார் 12½ கிலோ இருக்கும். எம்.டி.எப்.தான் கனம் கூடுதல்.

பார்க்க வேண்டிய இடம் ஓரமும் பின்பக்கமும்தான். முழு மரமாக இருந்தால், மேல்பக்கத்தில் ஓடும் ரேகை ஓரத்தில் மடங்கி அப்படியே தொடரும். பலகையின் முனையில் மரத்தின் வளையக் கோடுகள் தெரியும். வெனீராக இருந்தால் மேல் ரேகை ஓரத்தில் சட்டென்று நின்றுவிடும். ஓரத்தில் தனியாக ஒரு பட்டி ஒட்டியிருப்பார்கள். மைக்காவிலும் அச்சுத்தாளிலும் ஒரே முடிச்சு, ஒரே வளைவு சற்றுத் தள்ளி மறுபடி வரும். அசல் மரத்தில் ஒரு முடிச்சு போல இன்னொன்று அச்சாக இருக்காது. ஆனால் அடுத்தடுத்த இரண்டு வெனீர் தகடுகளைப் புத்தகம் விரித்தது போல ஒட்டும் வழக்கம் உண்டு. அப்போது இடமும் வலமும் கண்ணாடி பார்த்தது போல இருக்கும். அதை அச்சு என்று நினைத்துவிடக் கூடாது.

உள்பலகையைத் தெரிந்துகொள்ள கீல் பொருத்திய ஓட்டையைப் பாருங்கள். அல்லது டிராயரை வெளியே எடுத்து, ஓரப்பட்டி ஒட்டாத விளிம்பைப் பாருங்கள். மாவு போல நெருக்கமாக இருந்தால் எம்.டி.எப்., சொரசொரப்பாகச் சீவல் தெரிந்தால் பார்ட்டிக்கிள் போர்டு, அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். பார்க்க முடியாத இடத்துக்கு, சரக்கு தருபவரிடம் பாகவாரியாக எழுதி வாங்குங்கள். அவர் பில்லிலேயே எழுதித் தந்தால் மிக நல்லது. தெரியாத பாகத்துக்கு நாமாக ஒரு மரத்தின் பெயரைப் போடக் கூடாது.

எழுதும் முறை

இதற்கு ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும். மரத்தின் பெயரைத் தனியாக விடக் கூடாது. அது எந்தப் பாகம், மேற்பரப்பா, உள்ளும் புறமுமா என்பதைச் சொல்லும் சொல்லோடு சேர்த்தே எழுத வேண்டும். "தேக்கு" என்று நிறுத்தாமல் "முழுத் தேக்குச் சட்டம்" அல்லது "எம்.டி.எப். மேல் தேக்கு வெனீர்" என்று எழுத வேண்டும். மேலே சொன்ன கட்டிலுக்கே இப்படி எழுதிப் பார்ப்போம்:

கட்டில், 6½ x 5 அடி, டிராயருடன். முழுத் தேக்குச் சட்டம், தேக்கு வெனீர் தலைப்பலகை.
கால்கள், பக்கச் சட்டங்கள்: முழுத் தேக்கு.
தலைப்பலகை: உள்ளே 18 மி.மீ. எம்.டி.எப்., முன்பக்கம் தேக்கு வெனீர்.
மெத்தைத் தளம்: 12 மி.மீ. பிளைவுட்.
டிராயர்: பார்ட்டிக்கிள் போர்டு, மேலே மர ரேகை அச்சிட்ட தாள்.
நிறம்: தேக்கு நிற பாலிஷ்.
கவனிக்க: டிராயரில் தண்ணீர் படக் கூடாது. தரை துடைத்ததும் ஈரத்தை ஒற்றி எடுக்கவும். தலைப்பலகையை இழைக்கக் கூடாது.

இதில் நிறத்துக்குத் தனி வரி கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். "தேக்கு பினிஷ்", "தேக்கு கலர்", "வால்நட் லுக்" என்பவை நிறத்தின் பெயர்கள். அவை தலைப்பில் வந்தால் வாங்குபவர் மரத்தின் பெயராகவே படிப்பார். "100 சதவீதம் மரம்", "ஒரிஜினல் வுட்", "பியூர் வுட்" என்ற சொற்களையும் விட்டுவிடுங்கள். பார்ட்டிக்கிள் போர்டும் மரத்திலிருந்து வந்ததுதான் என்று பின்னால் வாதாடலாம், ஆனால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

படம் போடுவதானால் முன்பக்கப் படத்தோடு, ஓரம் தெரியும் படம் ஒன்றும் பின்பக்கப் படம் ஒன்றும் சேர்க்க வேண்டும். விவரத்தில் எழுதிய அதே வரிகள் பில்லிலும் வர வேண்டும். விவரத்தில் விளக்கமாக எழுதிவிட்டு, பில்லில் அவசரத்தில் "தேக்குக் கட்டில் 1" என்று போட்டால், தகராறு வரும்போது கையில் நிற்பது பில்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைப் பற்றித் தவறாகச் சொல்வதை நேர்மையற்ற வணிக முறையாகக் கருதுகிறது. வேண்டுமென்றே சொல்லவில்லை, கம்பெனிக்காரர் சொன்னதை எழுதினோம் என்ற பதிலை நம்பி இருக்க முடியாது.

இப்படி எழுதினால் விற்பனை குறையாதா?

உறுப்பினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பார்ட்டிக்கிள் போர்டு என்று படித்ததும் சிலர் விலகுவார்கள் என்பது உண்மைதான். அவர்களிடம், "இதே கட்டில் பிளைவுட் டிராயரோடு இந்த விலை, முழுத் தேக்குத் தலைப்பலகையோடு இந்த விலை" என்று மூன்று விலை சொல்லுங்கள். முழுத் தேக்கு விலையைக் கேட்டதும், வெனீர் ஏன் இருக்கிறது என்பது அவர்களுக்கே புரிந்துவிடும். அகலப் பலகையில் வெனீர் தட்டையாக நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அதை மட்டமாக நினைக்க மாட்டார்கள்.

கலப்பு எண்ணெயைக் கலப்பு எண்ணெய் என்றே எழுதி நாம் விற்கிறோம். விலைக்கு ஏற்றது என்று தெரிந்தே வாங்குபவர்கள் வாங்கிப் போகிறார்கள். அதையே கடலை எண்ணெய் என்று எழுதி விற்றால்தான் குற்றம். கடையில் இப்போது இருக்கும் சாமான்களில் ஒன்றை எடுத்து, டிராயரை வெளியே இழுத்து, ஓரத்தைப் பார்த்து, மேலே காட்டியபடி பாகவாரியாக எழுதிப் பாருங்கள். ஒரு கட்டிலுக்குப் பத்து நிமிஷம் ஆகும்.