புது ஐ.பி., பழைய பாவம்

நாவலூரில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். வாடகைக்கு ஒரு கிளவுட் சர்வர் எடுத்து, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவி, வாடிக்கையாளர்களுக்கு இன்வாய்ஸ் அனுப்பத் தொடங்கினார்கள். முதல் நாளே பாதி திரும்பி வந்துவிட்டது. கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மெயில் சர்வர் வைத்திருக்கும் எல்லா அலுவலகத்திலும் கேட்கிற காரணங்கள்தான் அவை.

நம்பிக்கை: மெயிலில் ஏதோ தப்பான வார்த்தை இருக்கிறது, அதனால்தான் ஸ்பாம் என்கிறார்கள்

உடனே இன்வாய்ஸின் தலைப்பை மாற்றுவார்கள், ‘அர்ஜென்ட்’ என்பதை எடுப்பார்கள். அதற்கு முன் திரும்பி வந்த அறிவிப்பின் கடைசி வரியைப் படித்தாலே போதும். ஒரு வாடிக்கையாளரின் சர்வர் தந்த பதில் இது (ஐ.பி. எண்ணை மட்டும் மாதிரி எண்ணாக மாற்றியிருக்கிறேன்):

```
554 5.7.1 Service unavailable; Client host [203.0.113.45]
blocked using zen.spamhaus.org (in reply to RCPT TO command)
```

பெறுநர் முகவரியைச் சொன்ன கட்டத்திலேயே கதவு சாத்தப்பட்டிருக்கிறது. கடிதத்தின் ஒரு எழுத்தைக்கூட எதிர்முனை இன்னும் வாங்கவில்லை. வாங்காத கடிதத்தில் வார்த்தை சரியா தப்பா என்ற கேள்விக்கே இடமில்லை. பிரச்சினை அனுப்பும் ஐ.பி.யில்.

நம்பிக்கை: நேற்றுதான் வாங்கிய ஐ.பி., அதில் கறை எப்படி இருக்கும்?

ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு எண்களைப் பங்கிடும் ஏப்னிக்கின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்து, கடைசித் தொகுப்பை ரேஷன் முறையில் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே கிளவுட் நிறுவனம் இன்று உங்களுக்குக் கொடுக்கும் எண் பெரும்பாலும் யாரோ பயன்படுத்திவிட்டு விட்டுப்போனதுதான். முன்பு குடியிருந்தவர் வைத்த கடனுக்கு, புதிதாக வாடகைக்கு வந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற கதை.

கறையே இல்லாத எண்ணுக்கும் சிக்கல் உண்டு. இதுவரை மெயிலே அனுப்பாத ஐ.பி. திடீரென்று ஒரே மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் அனுப்பினால், வைரஸ் பிடித்த கணினியும் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று பெரிய நிறுவனங்கள் சந்தேகிக்கின்றன. முதல் சில வாரங்கள் குறைவாக அனுப்பிப் படிப்படியாகக் கூட்டுவதே வழி.

நம்பிக்கை: டொமைன் பேனலில் பி.டி.ஆர். பதிவு போட்டாகிவிட்டது

அந்த அலுவலகத்தில் பாதி நாளைத் தின்றது இதுதான். “சார், போட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு, தெரியவே மாட்டேங்குது,” என்றார் அங்கே சிஸ்டம் பார்க்கும் பெண். எத்தனை நாள் காத்திருந்தாலும் தெரியாது.

பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும் பதிவு டொமைன் வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பும் பதிவான ரிவர்ஸ் டி.என்.எஸ்., அந்த எண்ணின் சொந்தக்காரர் கையில் இருக்கிறது. 203.0.113.45 என்ற எண்ணுக்குப் பெயர் கேட்டால், தேடல் அதைத் திருப்பிப் போட்டு `45.113.0.203.in-addr.arpa` என்ற இடத்துக்குப் போகும். அந்த இடம் கிளவுட் நிறுவனத்துக்கோ இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கோ ஒப்படைக்கப்பட்டது. உங்கள் டொமைன் பேனலில் எதை எழுதினாலும் உலகம் அங்கே வந்து பார்க்காது. சில கிளவுட் நிறுவனங்கள் சர்வர் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கும். மற்றவற்றில் டிக்கெட் போட்டுக் கேட்க வேண்டும்.

பெயர் கிடைத்தால் மட்டும் போதாது, அந்தப் பெயர் மறுபடி அதே எண்ணுக்கே திரும்ப வேண்டும். சோதிக்க இரண்டு வரி:

```
dig -x 203.0.113.45 +short
dig mail.example.com A +short
```

முதல் வரி `mail.example.com.` என்று சொல்ல வேண்டும், இரண்டாவது 203.0.113.45 என்று சொல்ல வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் தன்னை அறிமுகப்படுத்தும் `myhostname` பெயரும் அதுவாகவே இருந்தால் நல்லது. எண்ணையே பெயருக்குள் திணித்த, நிறுவனம் மொத்தமாகப் போட்டுவைத்த பொதுப்பெயர் இருந்தால், இருந்தும் இல்லாதது மாதிரிதான். வீட்டு இணைப்பு என்று பல சர்வர்கள் சந்தேகப்படும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஜிமெயில் மட்டும் 5.7.25 என்ற குறியீட்டோடு, பி.டி.ஆர். இல்லை என்று மெயிலைத் திருப்பிக்கொண்டே இருந்தது. அறிவிப்பில் அடைப்புக்குறிக்குள் இருந்த எண்ணைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. அது ஐ.பி.வி6 முகவரி. சர்வருக்கு இரண்டு முகவரிகள் இருந்தன; பெயர் எழுதியது ஒன்றுக்குத்தான், ஜிமெயிலுக்குப் போனது மற்றதன் வழியாக. அதற்கும் பி.டி.ஆர். போட வேண்டும், அல்லது `inet_protocols = ipv4` என்று எழுதி போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி தொடங்க வேண்டும். அவர்கள் இரண்டாவதைச் செய்தார்கள்.

எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டும் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவை இந்த டொமைன் பெயரில் அனுப்ப உரிமை உண்டா என்ற கேள்விக்குப் பதில். பி.டி.ஆர். இந்த ஐ.பி. யாருடைய மெயில் சர்வர் என்ற கேள்விக்கு. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் பி.டி.ஆர். கட்டாயம், கூடவே எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். வேண்டும். பத்து மெயில் அனுப்புகிறவருக்கும் விலக்கில்லை.

நம்பிக்கை: தடைப்பட்டியலில் வந்தால் ஸ்பாமர் என்று முத்திரை குத்திவிட்டார்கள்

எந்தப் பட்டியல் என்பதைப் பொறுத்தது. ஸ்பாம்ஹவுஸின் ஸென் என்பது பல பட்டியல்களின் தொகுப்பு. அதைக் கேட்டுப் பார்க்கலாம்:

```
dig +short 45.113.0.203.zen.spamhaus.org
```

பதில் வெறுமையாக வந்தால் பட்டியலில் இல்லை. 127.0.0.10 அல்லது 127.0.0.11 வந்தால் அது பி.பி.எல். என்ற கொள்கைப் பட்டியல். நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத வீட்டு, டைனமிக் இணைப்புகளின் எண்கள் அதில் இருக்கும். அங்கே இருப்பது குற்றமல்ல. நிலையான ஐ.பி.யும் சரியான பி.டி.ஆரும் இருந்தால் இலவசமாக நீக்கக் கேட்கலாம். நாவலூர் சர்வர் இந்த வகையில்தான் சிக்கியிருந்தது. 127.0.0.4 வந்தால் கதை வேறு. அந்த எண்ணுக்குப் பின்னால் ஏதோ ஒரு கணினி பாதிக்கப்பட்டிருக்கலாம். அலுவலகம் முழுக்க ஒரே பொது ஐ.பி.யில் வெளியே போகும் இடத்தில், வரவேற்பறைக் கணினியில் இருக்கும் வைரஸ் மெயில் சர்வரின் பெயரைக் கெடுக்கும். அதைத் துடைக்காமல் நீக்கக் கேட்டால் மறுபடி பட்டியலில் ஏறும்.

இங்கே ஒரு பொய் எச்சரிக்கை உண்டு. மேலே சொன்ன கட்டளையை 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்று பதில் தரும். இந்த வழியில் கேட்காதே என்பதுதான் அதன் பொருள். ‘ஏதோ பதில் வந்தது, ஆகவே பட்டியலில் இருக்கிறோம்’ என்று அலறுபவர்கள் பலர். சர்வரிலேயே சொந்த ரிசால்வர் வைத்துக் கேளுங்கள்.

காசு கேட்கும் சில பட்டியல்களும் உண்டு. பக்கத்து எண்களின் பாவத்துக்காக முழு நெட்வொர்க்கையே சேர்த்துவிட்டு, விரைவாக நீக்கக் கட்டணம் கேட்பார்கள். என் கருத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை. திரும்பி வந்த அறிவிப்பில் எந்தப் பட்டியலின் பெயர் இருக்கிறதோ, அதை மட்டும் கவனித்தால் போதும்.

சர்வருக்குப் பணம் கட்டும் முன்பே விற்பவரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: வெளியே போகும் 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, பி.டி.ஆர். நானே மாற்றலாமா? கூகுள் கிளவுட்டில் அந்த போர்ட் பெரும்பாலும் மூடியே இருக்கும். அமேசானில் விண்ணப்பித்துத் திறக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், மெயிலை ரிலே சேவை ஒன்றின் வழியாக அனுப்புங்கள்.