பிள்ளை பிந்துகிறது, காரணம் வேன்: வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

கொட்டாஞ்சேனையில் வேனில் ஏறி பம்பலப்பிட்டியில் இறங்கும் பிள்ளைகள் நிறையப் பேர். பாடசாலை தொடங்குவது காலை 7.30க்கு. வேன் 7.40க்கு வந்தால் வாசலில் நிற்கும் மாணவத் தலைவர்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். அது நாலைந்து தடவை நடந்ததும் டயறியில் ஒரு குறிப்பு வரும்: "பிள்ளை தொடர்ந்து பிந்தி வருகிறார். பெற்றோர் கவனிக்கவும்." அதற்குப் பெரும்பாலான பெற்றோர் எழுதும் பதில், "வேன் சுணங்குகிறது, மன்னிக்கவும்" என்ற ஒற்றை வரி. அந்த வரியை வைத்து ஆசிரியரால் எதுவும் செய்ய முடியாது. எங்கே சுணங்குகிறது, யார் என்ன செய்யப் போகிறார்கள், எப்போது சரியாகும் என்ற மூன்றும் அதில் இல்லை. மூன்றையும் சொல்லும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் எழுத உட்காருவதற்கு முன்பு செய்யவேண்டிய வேலை இருக்கிறது.

1. முதலில் நேரத்தைக் குறியுங்கள்

இரண்டு பாடசாலை வாரங்களுக்கு, அதாவது பத்து நாட்களுக்கு, நான்கு நேரங்களை எழுதி வையுங்கள்: வேன் வீட்டு வாசலுக்கு வந்த நேரம், பிள்ளை ஏறிய நேரம், வழியில் முதல் பாடசாலையில் மற்றப் பிள்ளைகளை இறக்கிய நேரம், உங்கள் பிள்ளை பாடசாலை வாசலைத் தொட்ட நேரம். முதல் இரண்டையும் நீங்களே பார்க்கலாம். மற்ற இரண்டையும் பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்து டயறியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வரட்டும்.

ஜம்பட்டா வீதியில் ஏறும் ஒரு தரம் 7 மாணவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வேன் புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல் வழியாக வந்து கொள்ளுப்பிட்டியில் சில பிள்ளைகளை இறக்கிவிட்டு, பம்பலப்பிட்டியில் இன்னொரு பாடசாலைக்கும் போய், கடைசியாக இவளை இறக்குகிறது. மூன்று நாள் குறிப்பு இப்படி இருக்கிறது:

- திங்கள்: வேன் வந்தது 6.25, ஏறியது 6.26, கொள்ளுப்பிட்டி 7.16, வாசல் 7.38
- செவ்வாய்: வேன் வந்தது 6.24, ஏறியது 6.25, கொள்ளுப்பிட்டி 7.04, வாசல் 7.24
- புதன்: வேன் வந்தது 6.25, ஏறியது 6.33, கொள்ளுப்பிட்டி 7.21, வாசல் 7.43

இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கொள்ளுப்பிட்டியிலிருந்து பாடசாலை வாசலுக்கு மூன்று நாளும் 20 முதல் 22 நிமிடம்தான். அந்தத் துண்டு மாறவே இல்லை. வீட்டிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை மட்டும் ஒரு நாள் 39 நிமிடம், இன்னொரு நாள் 50 நிமிடம். ஆக, நேரம் கரைவது கொள்ளுப்பிட்டிக்கு முன்னால், புறக்கோட்டை நெரிசலில். இது தெரியாவிட்டால், "என் பிள்ளையை முதலில் இறக்குங்கள்" என்று சாரதியோடு மல்லுக்கு நிற்போம். அப்படி இறக்கினால் சுணக்கம் இன்னொரு பிள்ளையின் தலையில் விழுமே தவிர, குறையாது. இந்த வழியில் உண்மையான தீர்வு ஒன்றுதான்: வேன் முன்கூட்டியே வெளிக்கிட வேண்டும்.

புதன்கிழமையையும் மறைக்க வேண்டாம். அன்று வேன் நேரத்துக்கு வந்து நின்றது. பிள்ளை சப்பாத்தைத் தேடியதில் எட்டு நிமிடம் போய்விட்டது. அந்த எட்டு நிமிடம் வீட்டின் கணக்கு. அதைக் கடிதத்திலும் அப்படியே எழுத வேண்டும்.

வாசலில் எழுதப்படும் பிந்தியவர் பதிவோடு உங்கள் குறிப்பு ஒத்துப்போக வேண்டும். நீங்கள் ஐந்து நாள் என்று எழுதி, பதிவில் ஏழு நாள் இருந்தால், கடிதத்தில் உள்ள மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். சந்தேகமிருந்தால் எண்ணிக்கையை ஆசிரியரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2. சாரதியோடு பேசிவிட்டு எழுதுங்கள்

குறிப்பைக் காட்டிப் பேசுங்கள். நேரத்துக்கு ஏறிய நாட்களில் மிகவும் பிந்தியது 7.40 என்றால், 7.25க்கு இறங்க 15 நிமிடம் முந்த வேண்டும். அதாவது 6.25க்குப் பதிலாக 6.10. ஆனால் உங்களுக்கு முன்னால் ஏறும் பிள்ளைகளும் 15 நிமிடம் முந்தி எழும்ப வேண்டுமல்லவா? அதனால் சாரதி தனியாக "சரி" என்று சொல்லிவிட முடியாது. மற்றப் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். வேன் காசு மாதக் கணக்கு என்பதால் இப்படியான மாற்றங்களை அடுத்த மாத முதல் நாளிலிருந்து தொடங்குவது எல்லோருக்கும் வசதி. அந்தத் திகதிதான் உங்கள் கடிதத்தின் முதுகெலும்பு. அது கையில் இல்லாமல் எழுதினால் கடிதம் வெறும் விளக்கமாகவே நின்றுவிடும்.

3. ஆசிரியரின் கையில் இருப்பதை மட்டும் கேளுங்கள்

மணி அடிக்கும் நேரத்தை வகுப்பாசிரியரால் மாற்ற முடியாது. வாசலில் நிறுத்தி வைப்பதும் அவர் பொறுப்பல்ல. அதைப் பகுதித் தலைவரும் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்களும் பார்க்கிறார்கள். வகுப்பாசிரியர் செய்யக்கூடியவை சில உண்டு. பிந்தி வந்த பிள்ளையின் வரவு இடாப்பில் விடுபடாமல் பார்க்கலாம். முதல் பாடவேளையில் சிறு பரீட்சை தவறினால் இடைவேளையில் எழுத விடும்படி பாட ஆசிரியரிடம் சொல்லலாம். காரணத்தைப் பகுதித் தலைவருக்குத் தெரியப்படுத்தலாம். இவற்றில் உங்கள் பிள்ளைக்கு உண்மையிலேயே தேவையான ஒன்றையோ இரண்டையோ, முடியும் திகதியோடு கேளுங்கள். "பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம்" என்று பொதுவாக எழுதுவது, அவர் தண்டிக்கிறார் என்று குற்றம் சொல்வதாகவே படும்.

4. கடிதம்

இடது பக்கம் பெறுநர், வலது மூலையில் உங்கள் முகவரியும் திகதியும். பிறகு இப்படி:

> வகுப்பாசிரியை,
> தரம் 7 ஆ,
> (பாடசாலையின் பெயர்),
> பம்பலப்பிட்டி, கொழும்பு 04.
>
> மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு,
>
> மகள் ………… காலையில் பிந்தி வருவது தொடர்பாக
>
> டயறியில் நீங்கள் எழுதிய குறிப்பைப் பார்த்தேன். கடந்த இரண்டு வாரங்களில் மகள் ஆறு நாட்கள் 7.30க்குப் பிறகு வந்திருக்கிறாள். அதற்காக வருந்துகிறேன்.
>
> அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து பாடசாலை வேனில் வருகிறாள். அந்த ஆறு நாட்களில் ஐந்து நாட்கள் 6.25 அளவில் வேனில் ஏறியும், புறக்கோட்டை நெரிசலால் 7.34க்கும் 7.40க்கும் இடையில்தான் வந்து சேர்ந்தாள். ஒரு நாள் வீட்டில் நாங்கள் சுணங்கியதால் 7.43 ஆனது. அது எங்கள் தவறு. நேரக் குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
>
> வேன் சாரதியோடும் மற்றப் பெற்றோரோடும் பேசினோம். அடுத்த மாதம் 1ஆம் திகதியிலிருந்து வேன் 6.10க்கு எங்கள் வீட்டுக்கு வரும். அதன்பின் 7.25 அளவில் மகள் பாடசாலையில் இருப்பாள் என்று எதிர்பார்க்கிறோம்.
>
> அதுவரை உள்ள நாட்களுக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பாடவேளையில் நடக்கும் சிறு பரீட்சை அவளுக்குத் தவறினால், இடைவேளையில் எழுத அனுமதி பெற்றுத் தர முடியுமா? தவறிய பாடக் குறிப்புகளை அன்றே கொப்பியில் எழுதி முடிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.
>
> நேரில் பேச வேண்டுமென்றால், நீங்கள் சொல்லும் நாளில் வருகிறேன்.
>
> இங்ஙனம்,
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம், பெயர், தொலைபேசி இலக்கம்)

5. வரிகளில் கவனிக்க வேண்டியவை

"எப்போதும்", "தினமும்" என்று எழுதாமல் நாட்களின் எண்ணிக்கையை எழுதுங்கள். "இனி ஒருநாளும் பிந்த மாட்டாள்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மழை நாளில் காலிமுகத்திடலில் வாகனங்கள் நின்றுவிட்டால் அந்த வாக்குப் பொய்த்துவிடும். சாரதியைப் பற்றிக் கடுமையாக எழுத வேண்டாம். அதே வேனில் அதே பாடசாலையின் வேறு பிள்ளைகளும் வரலாம். ஆசிரியருக்கு வேண்டியது காரணம்தான், சாரதி மீதான முறைப்பாடு அல்ல.

வெள்ளவத்தையிலிருந்து வரும் பிள்ளை என்றால் கடிதத்தில் இன்னொரு வரி வேண்டும். வெள்ளவத்தை அடுத்த ஊர். கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்கு அடுத்த நிலையம் பம்பலப்பிட்டி. "அப்படியென்றால் ஏன் வேன்?" என்று வாசிப்பவர் மனதில் உடனே கேள்வி எழும். சிறு பிள்ளையைத் தனியாகக் காலி வீதியைக் கடக்க விட முடியாது, வேலைக்குப் போகும் நேரம் ஒத்துவரவில்லை என்று உங்கள் காரணம் எதுவோ, அதை நேராக எழுதிவிடுங்கள். கொட்டாஞ்சேனையில் ரயில் நிலையம் இல்லை. கோட்டை வரை போய்த்தான் ரயில் எடுக்க வேண்டும் என்பதால் அங்கிருந்து வருபவர்களிடம் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது.

6. கொடுப்பதும் தொடர்வதும்

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட வேண்டாம். முப்பது நாற்பது பெற்றோர் முன்னால் ஆசிரியர் உங்களுக்கு மட்டும் சலுகை தருவதாகச் சொல்ல முடியாது. கடிதத்தை உறையிலிட்டு, பிள்ளை நேரத்துக்கு வந்த ஒரு நாளில், டயறியோடு கொடுத்தனுப்புங்கள். பிந்திய நாளில் வாசலில் வைத்து நீட்டினால் அது அன்றைய சாட்டாகவே பார்க்கப்படும். கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய நேரம் தொடங்கிய பிறகும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பிள்ளை 7.25 அளவில் வந்துகொண்டிருந்தால் டயறியில் இரண்டு வரி போதும்: "1ஆம் திகதியிலிருந்து வேன் நேரம் மாறிவிட்டது. அனுமதிக்கு நன்றி. இனி அது தேவைப்படாது." கேட்ட சலுகையை நீங்களே முடித்துவைத்தால், அடுத்த தவணையில் வேறொன்று கேட்க நேரும்போது ஆசிரியர் உங்கள் சொல்லை நம்புவார். 6.10க்கு வெளிக்கிட்டும் வேன் பிந்துகிறதென்றால், இரண்டாவது கடிதத்தில் அதே காரணத்தைத் திரும்ப எழுத வேண்டாம். வேறு வேன், அல்லது பெற்றோரில் ஒருவர் பஸ்ஸில் கூட்டிவருவது என்று நீங்கள் எடுத்த முடிவை எழுதி, வகுப்பாசிரியர் ஊடாகப் பகுதித் தலைவருக்கு அனுப்புங்கள்.