கூம்பு வடிகட்டியும் தட்டை அடி வடிகட்டியும்

கேள்வி: காகிதம் விரித்து, தூளிட்டு, மேலிருந்து வெந்நீர் ஊற்றிக் காப்பி இறக்கும் டிரிப்பர்களில் சில கூம்பாகக் கீழே குவிந்திருக்கின்றன, சில அடி தட்டையாக இருக்கின்றன. இவற்றுள் முதலில் தோன்றியது எது?

பதில்: இன்றைக்குக் கடைகளில் கூம்பு வடிவமே அதிகமாகக் காணப்படுவதால் அதுவே மூத்தது என்று எண்ணத் தோன்றும், ஆனால் சரித்திரம் தட்டை அடியிலிருந்துதான் ஆரம்பமாகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்னும் குடும்பத் தலைவி, கோப்பையின் அடியில் மண்டி தங்குவதையும் அதனால் காப்பி கசந்து போவதையும் பொறுக்கமாட்டாதவராய், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் துளைகளிட்டு, தம் மகனுடைய பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளை எடுத்து வட்டமாக நறுக்கி அதன்மேல் பரப்பி, தூளை இட்டு வெந்நீரை ஊற்றிப் பார்த்தார். தெளிந்த திரவம் இறங்கிற்று. 1908ஆம் வருஷம் பெர்லினிலிருந்த அரசாங்கப் பேடன்ட் அலுவலகத்தில் இந்த யோசனை அவர் பெயரில் பதிவாயிற்று. அதே வருஷத்தின் கடைசியில், ஒரு மார்க்குக்கும் குறைவான 73 பெனிக் மூலதனத்தோடு அவருடைய ஸ்தாபனமும் பதிவாயிற்று. நம் வீடுகளில் டிக்காஷன் இறக்கும் ஃபில்டரின் மேல் பாத்திரத்தை நினைத்துக்கொண்டால், காகிதம் ஒன்றைத் தவிர, அந்த முதல் கருவியின் அமைப்பு பெரும்பாலும் விளங்கிவிடும்.

அந்த அமைப்பில் ஒரு குறை இருந்தது. ஊற்றிய நீர் முழுவதும் அடியில் கிடக்கும் அந்தச் சிறு வட்டத்தாள் வழியாகவே வெளியேற வேண்டும். சுற்றுச்சுவரோ உலோகம், அதன் வழியே ஒரு துளியும் கசியாது. ஆகவே 1930களில் அந்த ஸ்தாபனமே பாத்திரத்தைக் கீழ்நோக்கிச் சரிவாகக் குறுக்கி, உட்சுவரில் மேடிட்ட வரிகளை அமைத்து, அதற்குப் பொருந்தும் காகிதப் பையையும் செய்து விற்கலாயிற்று. காகிதம் பக்கங்களிலும் ஏறிவிட்டபடியால் நீர் கசியும் பரப்பு பெருகியது. காப்பி இறங்கிய பிறகு சக்கையைப் பையோடு தூக்கி எறிவதும் சுலபமாயிற்று. எனினும் அந்தப் பாத்திரம் பூரணமான கூம்பு அன்று. அதன் அடி ஒரு புள்ளியாகக் குவியாமல் ஒரு கோடாக முடிந்தது. முழுக் கூம்பைக் காப்பிக்குக் கொண்டுவந்து பிரசித்தமாக்கியவர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பீட்டர் ஷ்லும்போம் என்ற ரசாயன நிபுணர். ஆய்வுக்கூடத்தில் புனலுக்குள் வடிதாளை மடித்து வைத்துத் திரவங்களை வடித்துப் பழகிய அவருடைய கை, 1941இல் கெமெக்ஸ் என்னும் கண்ணாடிக் கலத்தை உருவாக்கியது. அதன் மேற்பாதி அப்படியே ஒரு புனல்தான்.

இன்று உலகெங்கும் வழங்கும் இரண்டு வடிவங்களும் ஜப்பானிலிருந்து வந்தவை. 1921இல் டோக்கியோவில் தோன்றி, ஆய்வுக்கூடங்களுக்கு வெப்பம் தாங்கும் கண்ணாடி செய்து வளர்ந்த ஹரியோ ஸ்தாபனம், இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் நடுவில் வி60 என்ற கூம்பை வெளியிட்டது. 60 பாகைக் கோணம் என்பதையே அதன் பெயர் சொல்லுகிறது. கலிட்டா என்ற மற்றொரு ஜப்பானிய ஸ்தாபனம் 2010இல் வேவ் என்ற தட்டை அடி டிரிப்பரைக் கொண்டுவந்தது. மெலிட்டா அம்மையார் தொடங்கிய வடிவம் இவ்வாறு, ஒரு நூற்றாண்டு கழித்து, முன்னிருந்த குறை நீங்கித் திரும்பியது.

கேள்வி: காகிதமும் தூளும் நீரும் ஒன்றாக இருக்கும்போது, பாத்திரத்தின் வடிவம் மாறுவதால் மட்டும் வடியும் வேகம் ஏன் மாற வேண்டும்?

பதில்: வடிவம் மாறினால் தூள் அமரும் ஆழம் மாறுகிறது என்பதே இதற்கு மூலகாரணம். ஒரு கோப்பைக்கு வழக்கமாக எடுக்கும் 15 கிராம் தூளை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். அரைத்த தூள் அத்தனையும் ஏறக்குறைய 38 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும். 60 பாகைக் கூம்பில் அதைக் கொட்டினால், நடுவில் முனையிலிருந்து மேற்பரப்பு வரை 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்துக்கு அது நிற்கும். அதே தூளை, அடி 5 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டை டிரிப்பரில் பரப்பினால் ஆழம் 2 சென்டிமீட்டரைக் கூட எட்டாது. நடுவே விழுந்த ஒரு துளி நீர், கூம்பில் இரண்டரை மடங்குக்கு மேல் தூளைக் கடந்துதான் வெளியேற முடியும். அன்றியும், கீழே போகப் போக வழி குறுகி, முனைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே ஒரு சதுர சென்டிமீட்டர் அளவான வாயிலில் நெருக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் கூம்பில் நீர் மெதுவாக அல்லவா வடிய வேண்டும்? அனுபவத்திலோ பெரும்பாலும் அதில்தான் விரைவாக வடிகிறது. இந்த முரண்பாட்டை அவிழ்ப்பது, வி60இன் உட்சுவரில் சுருள் சுருளாக ஏறிச் செல்லும் மேடிட்ட வரிகள். அவை காகிதத்தைச் சுவரில் ஒட்டவிடாமல் விலக்கிப் பிடிப்பதால், நீர் அடிவரை போய்ச் சேரக் காத்திராமல் பக்கத்துக் காகிதத்தின் வழியே கசிந்து, வரிகளுக்கிடையே உள்ள சந்துகளில் ஓடி இறங்கிவிடுகிறது. உள்ளே சிக்கும் காற்றும் அதே சந்துகளின் வழியே வெளியேறுகிறது. அடியிலோ விரல் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு பெரிய துவாரம். அது நீரைச் சிறிதும் தடுப்பதில்லை. இதே கூம்பின் சுவர் வழுவழுப்பாக இருந்திருந்தால், நனைந்த காகிதம் அதில் அப்பிக்கொண்டு பக்கவழி அனைத்தும் அடைபட்டு, வேகம் வெகுவாகக் குன்றிவிடும். கூம்பின் வேகம் என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு இந்த வரிகளுக்கே உரியது என்பது என் அபிப்பிராயம்.

வேவ் டிரிப்பரில் வேலை வேறு விதமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. அங்கே சுவரிலிருந்து விலகி நிற்பதைக் காகிதமே தன் மடிப்புகளால் செய்துகொள்கிறது. ஆனால் அடியில் மூன்று சிறிய துளைகள்தான். நீங்கள் சற்று அவசரப்பட்டு அதிகமாக ஊற்றினாலும் துளைகள் ஒரு வரம்புக்கு மேல் விடமாட்டா. நீர் தூளின்மேல் குளமாக நின்று நிதானமாகவே இறங்கும். ஆக, கூம்பில் வேகத்தை நிர்ணயிப்பவை அரைத்த பதமும் ஊற்றுகிறவர் கையும். தட்டை அடியில் அந்தப் பொறுப்பில் ஒரு பகுதியைப் பாத்திரமே ஏற்றுக்கொள்கிறது.

விருந்தாளிக்கும் சேர்த்து 30 கிராம் போட நேர்ந்தால் இன்னொரு வித்தியாசமும் புலப்படும். கூம்பு மேலே போகப் போக விரிவதால், தூள் இரட்டித்தும் ஆழம் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே உயர்கிறது. சுமார் 6 சென்டிமீட்டர். தட்டை அடியிலோ ஆழம் ஏறத்தாழ இரட்டிப்பை நெருங்குகிறது. அதனால்தான் தட்டை டிரிப்பர்களை இரண்டு அளவுகளில் விற்கிறார்கள். சிறியதில் அளவு மீறித் தூளைப் போட்டால் நீர் இறங்கத் தாமதிக்கும்.

கேள்வி: இந்த வித்தியாசம் நாக்குக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: தூளிலுள்ள சத்துகள் அனைத்தும் ஒருங்கே நீரில் கரைவதில்லை. புளிப்பும் வாசனையும் தருபவை விரைந்து கரைகின்றன. இனிப்பாகவும் கனமாகவும் தோன்றுபவை பின்தொடர்கின்றன. கசப்பையும் துவர்ப்பையும் தருபவை நிதானமாக, கடைசி வரை இறங்கிக்கொண்டே இருக்கின்றன. கூம்பின் முனையருகே கிடக்கும் தூள், தன் மேலுள்ள அடுக்கையெல்லாம் கடந்து வரும் நீரால் இடைவிடாமல் அலசப்படுகிறது. மேலே விளிம்பில் ஒட்டியிருக்கும் தூளோ, பக்கவழியாக நழுவும் நீரை ஒரு கணமே சந்திக்கிறது. ஒரே கோப்பையில் பல நிலைகள் கலப்பதால், நன்றாக ஊற்றத் தெரிந்தவர் கையில் அந்தக் காப்பி பழப்புளிப்பும் மணமும் தனித்தனியே துலங்கும்படி அமைகிறது. தெரியாதவர் கையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வந்து முகத்தைச் சுளிக்க வைக்கிறது. தட்டை அடியில் ஆழம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே ஆகையால், தூள் முழுவதும் ஒரே விதமாக நனைந்து ஒரே விதமாகச் சாரத்தை விடுகிறது. இனிப்பு மேலோங்கி, புளிப்பு அடங்கி, வாயில் சற்றே கனத்து நிற்கும் காப்பி கிடைக்கிறது.

மேலே சொன்ன 15 கிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். 93 டிகிரி வெந்நீரில் முதலில் 45 மில்லிலிட்டர் ஊற்றித் தூள் பொங்கி அடங்க முக்கால் நிமிஷம் விட்டு, பிறகு மூன்று தவணையாக மொத்தம் 250 மில்லிலிட்டர் ஆகும்வரை ஊற்றினால், பருமணற் பதத்தில் அரைத்த தூளில் கூம்பு ஏறத்தாழ 2 நிமிஷம் 45 விநாடியிலும், தட்டை அடி 3 நிமிஷத்தைத் தாண்டியும் வடிந்து முடிவது முறை. கூம்பு ஒன்றே முக்கால் நிமிஷத்தில் காலியாகிவிட்டால் காப்பி நீர்த்துப் புளிக்கும். இன்னும் நைசாக அரைக்க வேண்டும். நாலரை நிமிஷம் இழுத்தால் குடித்த பின் நாக்கு வறண்டு துவர்க்கும். பதத்தைப் பெரிதாக்க வேண்டும். வடிந்தபின் சக்கையையும் பார்ப்பது நல்லது. கூம்பின் சுவர்களில் தூள் உயர ஒட்டிக்கொண்டு நடுவில் பள்ளம் விழுந்திருந்தால், நடுவிலேயே ஊற்றி ஓரத்தை மறந்தீர்கள் என்று அர்த்தம். தட்டை அடியில் சக்கை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நீர் மறுபக்கமாகக் குறுக்குவழி தேடிக்கொண்டது.

வடிவத்தின் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு. அரைக்கும் பதத்தை மாற்றி இரண்டிலும் ஒரே அளவு சாரத்தை இறக்கிவிட்டால், ருசிகள் வெகு அருகில் வந்துவிடுகின்றன. காகிதத்தின் கனம் மாறினால் ஏற்படும் வித்தியாசம் சில வேளைகளில் வடிவ வித்தியாசத்தையும் மிஞ்சிவிடுகிறது.

கேள்வி: தட்டை அடி டிரிப்பரில் நீர் பாதியில் இறங்காமல் நின்றுவிடுகிறதே, ஏன்?

பதில்: நனைந்த காகிதம் அடித்தகட்டில் படிந்து அந்தச் சிறு துளைகளை மூடிக்கொள்வதாலும், மாவு போன்ற மிக நுண்ணிய தூள் கீழே இறங்கிக் காகிதத்தின் துவாரங்களை அடைப்பதாலும் இது நேரிடுகிறது. காகிதத்தை முன்னதாக நனைக்கும்போது மடிப்புகளின்மேல் நீரை விடாமல் நடுவில் மட்டும் மெல்ல விடுங்கள். மடிப்பு குலைந்தால் பக்கவழியும் போய்விடும். காப்பி இறங்கும்போது டிரிப்பரைப் பலமாகச் சுழற்றுவதும், உயரத்திலிருந்து வேகமாக ஊற்றுவதும் நுண்தூளைக் கிளப்பி அடியில் சேர்த்துவிடும். அப்படியும் நின்றுவிட்டால், காகிதத்தின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஒரு நூலளவு தூக்கிவிட்டால் நீர் மறுபடி ஓடத் தொடங்கும். மறுநாளும் அவ்வாறே நின்றால் தூளை ஒரு படி பெரிதாக அரைத்துக்கொள்ளுங்கள்.