வெயிலில் மோட்டார் ஓட்டும் மூத்தவர்களுக்கு: காற்றோட்டமுள்ள பாதுகாப்பு ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காலை வேளையில் ஜெலுத்தோங்கிலிருந்து கொம்தார் பக்கம் போகும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்துப் பாருங்கள். பலர் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருப்பார்கள். கைகளை நுழைத்திருப்பார்கள், முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும். வெயில் கையைச் சுடாது, எதிர்க்காற்று நெஞ்சில் அடிக்காது, முதுகும் வியர்க்காது. நம் ஊர் வெப்பத்துக்கு மக்கள் தாங்களே கண்டுபிடித்த வழி இது. அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் தார்ச் சாலையில் விழுந்து இழுபடும்போது அந்த ஜாக்கெட் உடம்பில் நிற்காது. மெல்லிய துணி நொடியில் கிழிந்துவிடும்.

வயதானவர்களுக்கு இது இளையவர்களைவிடப் பெரிய விஷயம். வயது ஏற ஏறத் தோல் மெலிகிறது. சிறு உராய்விலும் உரிந்துவிடும். நீரிழிவு உள்ளவருக்குச் சிராய்ப்பு ஆறப் பல வாரங்கள் ஆகலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு, சாதாரண அடியே பெரிய இரத்தக்கட்டாக மாறலாம். இன்னொரு பக்கம், வெப்பத்தையும் முதிய உடல் குறைவாகத்தான் தாங்கும். வியர்வை மெதுவாகச் சுரக்கும், தாகம் தாமதமாகத் தெரியும். ஆகவே அடியையும் தாங்க வேண்டும், காற்றையும் விட வேண்டும். காற்றோட்டமுள்ள பாதுகாப்பு ஜாக்கெட் என்பது இந்த இரண்டுக்கும் இடையே செய்துகொண்ட ஒரு சமரசம். கடைக்குக் கடை அந்தச் சமரசம் வேறுபடும்.

வலைத்துணி எங்கே இருக்கிறது?

இவ்வகை ஜாக்கெட்டில் காற்று புகுவதற்காக வலை போன்ற துணி தைத்திருப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது, அந்த வலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை. நாம் விழும்போது முதலில் தரையில் படுவது தோள், முழங்கை, முன்கையின் வெளிப்புறம். அங்கெல்லாம் வலை இருக்கக்கூடாது. பள்ளிப்பை அடிப்பாகம் போலக் கெட்டியான நைலான் துணியோ தோலோ இருக்க வேண்டும். நெஞ்சு, முதுகின் நடுப்பகுதி, கையின் உட்புறம் ஆகிய இடங்களில் வலை இருக்கலாம்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். ஜாக்கெட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நெஞ்சில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நல்லது. தோளிலும் முழங்கையிலும் அப்படித் தெரிந்தால் அதைத் திரும்ப மாட்டிவிடுங்கள். அடுத்து நெஞ்சு வலையில் வாயை வைத்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் வர வேண்டும். வெளியே வலை போலத் தெரிந்தாலும், உள்ளே மழைநீர் புகாத பிளாஸ்டிக் உறை தைத்திருந்தால் காற்று வராது. அந்த உறை கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். மாலை மழைக்கு ஜாக்கெட்டின் மேலே போடும் மழைக்கோட்டே நமக்கு ஏற்றது.

முதுகிலும் வலை இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நெஞ்சு வழியாகப் புகுந்த காற்று வெளியேற ஓர் இடம் தேவை. முதுகுப்பை மாட்டிக்கொண்டு ஓட்டினால் அந்த வழி அடைபடும். காய்கறிப் பையை மோட்டார் பெட்டியில் வைப்பது நல்லது.

சீட்டில் எழுதியிருப்பது

நல்ல ஜாக்கெட்டின் உட்புறத்தில் மோட்டார் ஓட்டுநர் படம் போட்ட ஒரு சீட்டு தைத்திருக்கும். ஐரோப்பியத் தரமான ‘இஎன் 17092’ என்ற எண்ணும், பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் இருக்கும். 2020-இல் வெளிவந்த தரம் இது. ‘ஏ’ என்ற எழுத்து ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு ‘ஏ’ உள்ள ஜாக்கெட்டின் தோள், முழங்கைப் பகுதிகளை, மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் உரசுவதற்கு நிகராகச் சோதிக்கிறார்கள். இரண்டு ‘ஏ’ என்றால் சுமார் 70 கிலோமீட்டர். மூன்று ‘ஏ’ பந்தயத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் ஏற்றது. நம் வெயிலில் பெரும்பாலும் கனமாக இருக்கும். சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருபவருக்கு ஒரு ‘ஏ’ போதும். பினாங்குப் பாலத்தில் அடிக்கடி போகிறவர் இரண்டு ‘ஏ’ தேடுவது நல்லது. ‘பி’ என்று மட்டும் எழுதியிருந்தால், துணி உராய்வைத் தாங்கும். ஆனால் அடி தாங்கும் தகடு சோதிக்கப்படவில்லை என்று பொருள்.

தகடு என்று இங்கே எழுதினாலும் அது இரும்பு அல்ல. மொழிபெயர்க்கும்போது எனக்குச் சிக்கலாக இருந்த சொல் இது. தோளிலும் முழங்கையிலும் உள்ள பைக்குள் செருகும், ரப்பர் போன்ற மெத்தைத் துண்டு அது. அதற்குத் தனித் தரம் உண்டு: ‘இஎன் 1621’. தகட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். அந்த எண் அதன் மேலேயே பதிந்திருக்கும். கூடவே 1 அல்லது 2 என்ற எண் இருக்கும்; 2 அதிக அடியைத் தாங்கும். நம் ஊருக்கு முக்கியமான இன்னொரு குறி ‘டி’ எழுத்தும் கூட்டல் அடையாளமும். 40 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் தகடு வேலை செய்கிறதா என்று சோதித்ததற்கான அடையாளம் அது. சில மென்மையான தகடுகள் சூட்டில் மேலும் இளகி, அடியைக் குறைவாக உறிஞ்சும். வெயிலில் நிறுத்திய மோட்டாரின் பெட்டிக்குள் ஜாக்கெட்டை வைத்துப் பழகியவர்கள் இந்தக் குறியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

முதுகுப் பையில் மட்டும் கவனம் தேவை. பல ஜாக்கெட்டுகளில் அங்கே இருப்பது தகடு அல்ல, பொட்டலம் கட்டும் பஞ்சு. விரலால் அழுத்தினால் உடனே ஒட்டிவிடும். எண் எதுவும் பதிந்திருக்காது. அது வடிவத்துக்காக வைத்தது. எண் பதிந்த முதுகுத் தகட்டைத் தனியாக வாங்கி மாற்றலாம். துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் காற்றும் போகும்.

பெரியப்பாவுடன் கடைக்குப் போனபோது

ஆயர் ஈத்தாம் சந்தைக்கு மோட்டாரில் போகும் என் பெரியப்பாவுக்கு வயது 68. இரத்த அழுத்தத்துக்கு, சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை எடுக்கிறார். அவருக்காக மூன்று ஜாக்கெட்டுகளைப் போட்டுப் பார்த்தோம். முதலாவது முழுக்க வலை. அவருக்கு மிகவும் பிடித்தது. விளக்குக்கு நேரே பிடித்தால் முழங்கை வரை வெளிச்சம் தெரிந்தது, சீட்டும் இல்லை. இரண்டாவதில் மூன்று ‘ஏ’. போட்ட சிறிது நேரத்திலேயே, கடைக்குள் நின்றபடியே அவர் நெற்றி வியர்த்தது. மூன்றாவதில் இரண்டு ‘ஏ’. தோளும் கையின் வெளிப்புறமும் கெட்டித் துணி, நெஞ்சும் முதுகும் வலை.

பெரியப்பா அதில் பெரிய அளவைக் கேட்டார். கடைக்காரத் தம்பியும், “லூசா இருந்தாத்தான் அங்கிள் காத்து போகும்,” என்றார். அங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். காற்று வலை வழியாகப் போகிறது, தொளதொளப்பின் வழியாக அல்ல. அவரை மோட்டாரில் உட்கார்ந்திருப்பதுபோல் கையை நீட்டச் சொல்லி, முழங்கைத் தகட்டைப் பிடித்துத் திருப்பினேன். அது வழுக்கி முன்கையின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. விழும்போதும் அப்படித்தான் போகும். எலும்பு தரையில் படும்போது தகடு வேறெங்கோ இருக்கும். ஓர் அளவு குறைத்துப் போட்டு, கையிலுள்ள பட்டையை இறுக்கியதும் தகடு நகரவில்லை. இடுப்பிலும் இறுக்கினோம், ஜாக்கெட் மேலே சுருண்டு முதுகு வெளியே தெரியாமல் இருக்க அது வேண்டும்.

“முன்பின்னாப் போட்டா என்னம்மா?” என்று கேட்டார். மாட்டிக் காட்டினேன். முழங்கைத் தகடு கை மடிப்புக்குள் வந்தது. முதுகுத் தகடு நெஞ்சை மூடிக் காற்றை மறித்தது. அவரே சிரித்துக்கொண்டு கழற்றிவிட்டார்.

வெயிலில் இது எவ்வளவு தூரம் உதவும்?

மோட்டார் ஓடும்போது காற்று வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. சிவப்பு விளக்கில் நின்றதும் அந்தக் குளிர்ச்சி நின்றுவிடும். எந்த வலைத்துணியும் அதற்கு மருந்து இல்லை. நீண்ட நெரிசல் என்றால் ஓரமாக நிழலில் நிறுத்தி, ஜாக்கெட்டின் முன்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். உள்ளே நனைத்த சட்டை போடச் சொல்வார்கள். வறண்ட ஊர்களில் அது நன்றாக வேலை செய்யும். பினாங்கின் ஈரக் காற்றில் நீர் மெதுவாகவே உலர்வதால் பலன் குறைவு.

தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி, கால் தசைப்பிடிப்பு வந்தால் ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள். ஜாக்கெட்டையும் தலைக்கவசத்தையும் கழற்றி, நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனாலோ பக்கத்தில் இருப்பவர் 999-ஐ அழைக்க வேண்டும். சிறுநீர் மாத்திரையும் சில இதய மாத்திரைகளும் வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மோட்டார் ஓட்டுவதாக மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்றும் கேளுங்கள். வானிலை ஆய்வுத் துறை வெப்ப எச்சரிக்கை விடுத்த நாளில் நண்பகல் பயணத்தைக் காலைக்கு மாற்றிவிடலாம்.

ஜாக்கெட்டால் முடியாததும் உண்டு. 2008, 2009-ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் விபத்தில் சிக்கிய 212 மோட்டார் ஓட்டுநர்களை ஆராய்ந்தார்கள். மோட்டார் ஜாக்கெட் அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறைவாக இருந்தது. ஆனால் பத்தில் சுமார் மூன்று ஜாக்கெட்டுகள் விபத்தில் தாக்குப்பிடிக்காமல் போயின. விலையைவிடத் தையலைப் பார்க்க வேண்டியதற்கு இது ஒரு காரணம். தோள் தையலை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். நூலுக்கு இடையே ஓட்டை விரிந்தால் வேண்டாம். காரோடு நேராக மோதும் வேகத்தில் எலும்பு முறிவை எந்த ஜாக்கெட்டும் தடுக்காது. காலுக்கும் அது பாதுகாப்பு தராது.

வியர்வை உப்பு சேர்ந்தால் வலைத் துளைகள் அடைபடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தகடுகளை எடுத்துவிட்டு, மிதமான சவர்க்காரத்தில் கையால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். தகடுகளைத் திரும்பச் செருகும்போது இடது வலது மாறாமல், வளைந்த பக்கம் மூட்டைப் பார்க்கும்படி வையுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட தகட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.