இரண்டாம் வரிசைப் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளின் மூன்று வகைகள்

மாணவர்களே, ax² + bx + c = 0 என்னும் இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைக் காண நீங்கள் கற்ற சூத்திரத்தில், வர்க்கமூலக் குறியின் கீழ் b² − 4ac என்ற கோவை வரும். அதைத் தன்மைகாட்டி என்பர். அது நேராயின் இரு மெய்மூலங்கள், பூச்சியமாயின் சமமான மூலங்கள், மறையாயின் மெய்மூலங்கள் இல்லை. அலை, வெப்பம், காற்றோட்டம் ஆகியவற்றை விளக்கும் பெரிய சமன்பாடுகளைப் பிரித்தறியவும் இதே கோவைதான் பயன்படுகின்றது. இது உங்கள் பாடத்திட்டத்துக்குச் சற்று வெளியே செல்லும் விடயமாயினும், தேவையான கணிதம் உங்களிடம் ஏற்கெனவே உண்டு.

முதலில் குறியீட்டை விளங்கிக்கொள்வோம். ஒரு கணியம் u ஆனது x, y என்னும் இரு மாறிகளில் தங்கியுள்ளது என்க. y ஐ மாற்றாமல் x ஐ மட்டும் மாற்றும்போது u வின் வரைபில் தோன்றும் படித்திறன் u_x ஆகும். அப்படித்திறன் மாறும் வீதம் u_xx ஆகும். அதாவது, வரைபு எவ்வளவு வளைந்துள்ளது என்பதை u_xx கூறுகின்றது. u_yy, u_xy என்பனவும் இவ்வாறே. எமது சமன்பாட்டின் பொதுவடிவம்:

A u_xx + B u_xy + C u_yy + (தாழ்ந்த வரிசை உறுப்புகள்) = 0

இப்போது u வின் பெறுமானம் சில நேர்கோடுகளின் வழியே மாறாமல் செல்ல முடியுமா எனக் கேட்போம். அவ்வாறாயின் u = f(y + mx) என்ற வடிவில் இருக்க வேண்டும். x ஐ 1 அலகு கூட்டினால் அடைப்புக்குள் m அலகு கூடும். ஆகவே x வழியே படித்திறன் காணும் ஒவ்வொரு முறையும் ஒரு m வெளியே வரும். u_xx இல் m², u_xy இல் m, u_yy இல் 1 எனக் கிடைக்கும். தாழ்ந்த உறுப்புகளை விட்டுவிட்டுப் பிரதியிட்டால்,

A m² + B m + C = 0

ஓர் இருபடிச் சமன்பாடு! B² − 4AC > 0 எனின் அத்தகைய கோடுகள் இரு தொகுதிகளாக உண்டு. இது அதிபரவளைவு வகை. B² − 4AC = 0 எனின் ஒரே தொகுதி; பரவளைவு வகை. B² − 4AC < 0 எனின் கோடுகளே இல்லை, நீள்வளைய வகை. கூம்பு வெட்டுவளையிகளைப் பிரிக்கும் நிபந்தனையும் இதுவே என்பதால் அப்பெயர்கள் இடப்பட்டன. வெப்பம் பரவளைவுப் பாதையில் ஓடுகின்றது என எண்ணிவிட வேண்டாம்.

அதிபரவளைவு வகைக்கு உதாரணம் அலைச் சமன்பாடு: c² u_xx − u_tt = 0. இங்கு y இன் இடத்தில் நேரம் t உள்ளது. c²m² − 1 = 0, எனவே m = ±1/c. செய்தி வலப்புறமும் இடப்புறமும் c என்ற கதியில் செல்கின்றது. அதைவிட விரைவாகச் செல்லாது. ஆழம் h உடைய கடலில் நீண்ட அலையின் கதி √(gh). 4000 m ஆழத்துக்கு g = 10 எனக் கொண்டால் c = √40000 = 200 m/s, அதாவது மணித்தியாலத்துக்கு 720 km. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அதுவரை எமது கரையில் நின்ற கடலுக்கு எதுவும் தெரியாது. நில அதிர்வலையும் இதே வகைதான்; ஆனால் அதன் c செக்கனுக்குப் பல கிலோமீற்றர் ஆதலால் சில நிமிடங்களில் வந்துவிடும். முன்னெச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரம் இவ்விரு கதிகளின் வேறுபாட்டிலேயே உள்ளது.

பரவளைவு வகைக்கு உதாரணம் வெப்பச் சமன்பாடு: k u_xx − u_t = 0. u_t முதலாம் வரிசை உறுப்பு. அது கணக்கில் வராது. A = k, B = 0, C = 0, தன்மைகாட்டி 0. ஒரு கோலின் ஐந்து புள்ளிகளில் வெப்பநிலை 0, 0, 100, 0, 0 என்க. ஒவ்வொரு படியிலும் "இடது + வலது − 2 × நடு" என்பதன் காற்பங்கை நடுப்புள்ளியுடன் கூட்டுவோம். முதற்படியில் 0, 25, 50, 25, 0. அடுத்து 6.25, 25, 37.5, 25, 6.25. கூர்மை மழுங்கிக்கொண்டே செல்கின்றது. அலையைப் பின்னோக்கி ஓட்டலாம்; இதைப் பின்னோக்கி ஓட்டினால் அளவீட்டிலுள்ள சிறு வழுவும் பெருகி விடையைக் கெடுத்துவிடும்.

நீள்வளைய வகை நேரம் அற்றது. நான்கு விளிம்புகளும் நிலையான வெப்பநிலைகளில் வைக்கப்பட்ட உலோகத் தகடு உறுதிநிலையை அடைந்தபின் u_xx + u_yy = 0 ஆகும்; தன்மைகாட்டி −4. சதுர வலையமைப்பில் கணிக்கும்போது ஒவ்வோர் உட்புள்ளியும் தன் நான்கு அயற்புள்ளிகளின் சராசரி: அயலில் 40, 20, 30, 10 எனின் நடுவில் 25. ஆகவே அதியுயர் வெப்பநிலை விளிம்பிலேயே காணப்படும். விளிம்பில் ஓரிடத்தை மாற்றினால் தகட்டின் உட்புறம் முழுவதும் மாறும்.

ஒரே சமன்பாடு வகை மாறுவதும் உண்டு. மெல்லிய சிறகைக் கடந்து x திசையில் ஓடும் காற்றில் ஏற்படும் சிறு குழப்பத்துக்கான சமன்பாடு (1 − M²) u_xx + u_yy = 0. M என்பது மாக் எண், அதாவது விமானத்தின் கதியை ஒலியின் கதியால் வகுக்க வருவது. M = 0.8 எனின் A = 0.36, C = 1, தன்மைகாட்டி −1.44. நீள்வளைய வகை: விமானம் வருவது முன்னுள்ள காற்றுக்கும் தெரியும், அது முன்கூட்டியே விலகிக்கொள்ளும். 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்ற கொன்கோட் விமானம் ஏறக்குறைய M = 2 இல் பறந்தது. அப்போது A = −3, தன்மைகாட்டி +12. −3m² + 1 = 0, எனவே m = ±1/√3. y + mx மாறிலி ஆகும் கோடுகளின் படித்திறன் ±1/√3. tan 30° = 1/√3 என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே மூக்கிலிருந்து பின்னோக்கி இருபுறமும் 30° சாய்ந்த கோடுகள் செல்கின்றன. அவற்றுக்கு வெளியே நிற்பவருக்கு விமானத்தின் ஒலி கேட்காது. கோடு அவரைக் கடக்கும் கணத்தில் ஒலிவெடிப்பு கேட்கும். sin 30° = 1/2 = 1/M என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். M, 1 ஐ நெருங்கும்போது A பூச்சியத்தை நெருங்கும். அங்கு விட்டுவிட்ட சிறு உறுப்புகளே முக்கியமாகிவிடுவதால் இச்சமன்பாட்டை நம்பக்கூடாது.

பிழை பெரும்பாலும் குறியில் நேரும். u_tt = c² u_xx என்பதை ஒரே பக்கத்துக்குக் கொண்டுவராமல் A = c², C = 1 என எடுத்தால் தன்மைகாட்டி −4c² என வந்து, அலை நீள்வளைய வகையாகிவிடும். சில நூல்கள் நடு உறுப்பை 2B u_xy என எழுதி B² − AC ஐப் பயன்படுத்தும். இரண்டையும் கலக்க வேண்டாம்.

பயிற்சி: பின்வருவனவற்றை வகைப்படுத்துக.
(i) u_xx + 4u_xy + 3u_yy = 0
(ii) u_xx + 2u_xy + 5u_yy = 0
(iii) 4u_xx + 4u_xy + u_yy + u_x = 0

விடைகள்: (i) 16 − 12 = 4, அதிபரவளைவு; m = −1, −3. (ii) 4 − 20 = −16, நீள்வளையம். (iii) 16 − 16 = 0, பரவளைவு; m = −1/2.