எழுதிக் கொடுத்தால் பொறுப்பு மாறிவிடுமா?

கேள்வி: நான் மேஸ்திரி. பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கும் வேலையை லேபர் கான்ட்ராக்டில் எடுத்து, எட்டு ஆட்களை வைத்துச் செய்கிறேன். நகராட்சியிடம் டெண்டர் எடுத்தது வேறொரு கம்பெனி. இப்போது வேலை நடக்க இருக்கும் தெரு 6 மீட்டர் அகலம். பள்ளம் 2.4 மீட்டர் ஆழம், 1 மீட்டர் அகலம். ஜேசிபி தோண்டித் தரும். என் ஆட்கள் இறங்கிக் குழாயைச் சேர்க்க வேண்டும். பக்கவாட்டுக்குப் பலகை கேட்டால், "மண் கெட்டியாக இருக்கிறது, ஒரு குழாய்க்கு அரை மணி நேர வேலை, இதற்கு எதற்குப் பலகை?" என்கிறார் சைட் இன்ஜினியர். கூடவே, "ஆட்களின் பாதுகாப்புக்கு முழுப் பொறுப்பும் நானே" என்று பத்திரத்தில் எழுதித் தரச் சொல்கிறார். தெருவில் ஈ.பி. கேபிளும் போகிறது. எழுதிக் கொடுக்கலாமா? நாளை ஏதாவது ஆகிவிட்டால் யார் மாட்டுவார்கள்?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தப் பத்திரம் கம்பெனியைக் கிரிமினல் வழக்கிலிருந்து காப்பாற்றாது. ஆனால் உங்கள் பையிலிருந்து பணத்தை எடுக்க அவர்களுக்கு நன்றாகவே உதவும். ஏன் என்று சொல்கிறேன்.

பள்ளம் சரிந்து ஒருவர் இறந்தால் போலீஸ் பதிவது கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு. பழைய 304-ஏ பிரிவின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) இருக்கிறது. முன்பு இரண்டு ஆண்டாக இருந்த உச்ச தண்டனை இப்போது ஐந்து ஆண்டு. இந்தக் குற்றப் பொறுப்பை ஒருவர் இன்னொருவருக்கு எழுதி மாற்ற முடியாது. பலகை இல்லாமல் ஆளை இறக்கச் சொன்ன இன்ஜினியரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆபத்து என்று தெரிந்தே இறக்கிவிட்ட நீங்களும் சொல்ல வேண்டும். "இன்ஜினியர் சொன்னார், செய்தேன்" என்பது தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது உதவலாம், விடுதலைக்கு உதவாது. போதாததற்கு, முழுப் பொறுப்பும் எனதே என்று நீங்கள் கையெழுத்திட்ட காகிதத்தை எதிர்த்தரப்பே கோர்ட்டில் நீட்டும்.

இழப்பீடு வேறு கணக்கு. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, துணை ஒப்பந்தக்காரரின் ஆள் இறந்தாலும் அவர் குடும்பம் மூல ஒப்பந்தக்காரரிடம் நேராக இழப்பீடு கேட்கலாம். தொழிலாளியின் உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது: குடும்பத்துக்குக் கொடுத்த தொகையை மூல ஒப்பந்தக்காரர் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். பத்திரம் வேலை செய்வது இங்கேதான். இதுவரை பின்பற்றிவந்த கணக்கில், மாதக் கூலியின் உச்சவரம்பான 15,000 ரூபாயில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்குவார்கள். 40 வயதுக்காரருக்குக் காரணி 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். தாமதமானால் வட்டி தனி. எட்டுப் பேர் வைத்திருக்கும் மேஸ்திரியால் தாங்கக்கூடிய தொகையா இது?

இனி இன்ஜினியரின் வாதத்துக்கு வருவோம். மண் கெட்டி, வேலை அரை மணி நேரம். இரண்டுமே சட்டத்தின் முன் நிற்காது, மண்ணின் முன்னும் நிற்காது. மத்தியப் பொதுப்பணித் துறை தன் ஒப்பந்தங்களில் சேர்க்கும் பாதுகாப்பு விதி எளிமையானது. 1.5 மீட்டரோ அதற்கு மேலோ ஆழமுள்ள பள்ளத்தின் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்க வேண்டும். ஐ.எஸ். 3764 என்ற இந்தியத் தர விதி தோண்டும் வேலைக்கென்றே எழுதப்பட்டது. இவற்றின் வரிகள் உங்கள் கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டாலும், கவனமாக வேலை செய்பவர் என்ன செய்திருப்பார் என்று கோர்ட் கேட்கும்போது எடுத்துப் பார்க்கும் அளவுகோல்கள் இவைதான். அரை மணி நேர வேலைக்கு அவற்றில் விலக்கு கிடையாது.

உங்கள் தெருவையே எடுத்துக்கொள்வோம். சரிவாக வெட்டுவது என்றால், ஓரளவு நல்ல மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் வெளியே தள்ளி வெட்ட வேண்டும். அடியில் 1 மீட்டர், இரு பக்கமும் 2.4 மீட்டர் வீதம். மேலே பள்ளத்தின் வாய் 5.8 மீட்டர் ஆகிவிடும். தெரு 6 மீட்டர். தோண்டிய மண்ணைக் கொட்ட இடமில்லை, வீட்டுச் சுவர்களின் அடித்தளமும் ஆடிவிடும். ஈர மணல் என்றால் இன்னும் விரித்து வெட்ட வேண்டும். ஆக, உங்கள் தெருவில் சரிவு நடக்காது. ஷோரிங் ஒன்றுதான் வழி. இன்ஜினியருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

மண் கெட்டி என்பதையும் ஆராய வேண்டும். அந்தத் தெருவில் ஏற்கெனவே குடிநீர்க் குழாய் போயிருக்கும், கேபிள் போயிருக்கும். ஒருமுறை தோண்டி மூடிய மண் எத்தனை வருஷம் ஆனாலும் பழைய கட்டுக்குத் திரும்பாது. ஜேசிபி வெட்டிய சுவர் காலையில் செங்குத்தாக நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேல் விளிம்புக்கு இணையாக, கொஞ்சம் தள்ளி, தரையில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். சுவரின் கீழ்ப்பகுதி உள்நோக்கிப் புடைக்கிறதா, பொடி மண் உதிர்கிறதா, தண்ணீர் கசிகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆட்களை மேலே ஏற்றிவிடுங்கள். ஆனால் எதுவும் தெரியாமலே சரிவதும் உண்டு. 2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் தடிமன், முழு ஆழத்துக்கும் ஒரு துண்டு பெயர்ந்தால் கிட்டத்தட்ட 5 டன் மண். மார்பு வரை புதைந்தவருக்குத் தலை வெளியே இருந்தும் மூச்சை இழுக்க முடியாமல் போகும்.

விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அந்தத் தூரத்துக்குள் மண்ணைக் கொட்டக் கூடாது என்பதும் அதே பொதுப்பணித் துறை விதி. உங்களுக்குப் பாதி ஆழம் 1.2 மீட்டர்தான், எனவே 1.5 பொருந்தும். குறுகிய தெருவில் அதற்கும் இடம் கிடைக்காவிட்டால் மண்ணை லாரியில் ஏற்றி வெளியேற்றத்தான் வேண்டும்.

பலகை வந்த பிறகும் ஒரு தவறு நடக்கும். ஆளை வெறும் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டுப் பலகையைக் கொடுப்பார்கள். முதல் முட்டை மேலிருந்தே கொடுத்து, மேலே தாங்கிய பிறகுதான் ஒவ்வொரு மட்டமாகக் கீழே போக வேண்டும். கழற்றும்போது தலைகீழ்: அடி முட்டு முதலில், மண் நிரப்ப நிரப்ப மேலே. பலகைக்கும் மண்சுவருக்கும் இடையில் இடைவெளி இருந்தால் மண்ணை நெருக்கமாக நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் சரிகிற மண் பலகையில் மோதி முட்டையே தள்ளிவிடும்.

ஏணியை யாரும் கேட்பதில்லை. 1.2 மீட்டர் ஆழம் முதலே, 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஏணியாவது வேண்டும். அது பள்ளத்தின் அடியிலிருந்து தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது விதி. 30 மீட்டர் என்பது என் பார்வையில் தாராளம். அமெரிக்க விதியில் தொழிலாளி 25 அடிக்கு மேல், அதாவது சுமார் 7.6 மீட்டருக்கு மேல், நடக்காமல் ஏணியை அடைய வேண்டும். ஆட்கள் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே ஏணியை நகர்த்தி வையுங்கள். முட்டில் கால் வைத்து ஏறுவதும், ஜேசிபி வாளியில் நின்று இறங்குவதும் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

கேபிள் விஷயத்தில் வெறும் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். மின்வாரியம், குடிநீர், தொலைபேசி, கேஸ் குழாய் இருந்தால் அந்த நிறுவனம், எல்லோரிடமும் வரைபடம் கேட்க வேண்டியது கம்பெனியின் வேலை. 2023-இல் மத்திய அரசு தொடங்கிய 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி, தோண்டப் போவதைக் கேபிள், குழாய் உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பதற்காக வந்தது. வரைபடத்தில் இருக்கும் இடமும் நிஜத்தில் இருக்கும் இடமும் பல அடி மாறும். கேபிள் கண்டுபிடிக்கும் கருவிக்கும் எல்லை உண்டு. மின்னோட்டத்தைத் தேடும் முறையில் வைத்தால், பகலில் தெருவிளக்குக் கேபிளில் ஓட்டம் இருக்காது என்பதால் கருவி சத்தமே போடாது. பிளாஸ்டிக் குழாயும் அதற்குத் தெரியாது, கூடவே கம்பி புதைத்திருந்தால் ஒழிய. ஆகவே குறுக்கே போகும் ஒவ்வொன்றையும் கையால் சோதனைக் குழி வெட்டிக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜேசிபி அந்தப் பக்கம் வர வேண்டும். அந்தக் குழியில் கடப்பாரை வேண்டாம், மண்வெட்டியால் மெதுவாக வழியுங்கள். தோண்டும்போது ஆற்றுமணல் பட்டையோ, வரிசையாகச் செங்கல்லோ, எச்சரிக்கை நாடாவோ தட்டுப்பட்டால் கீழே கேபிள் இருக்கிறது என்று அர்த்தம்.

வேலையை மறுத்தால் பிழைப்பு போய்விடும் என்ற உங்கள் பயம் புரிகிறது. மறுக்க வேண்டியதில்லை, எழுத்தில் கேளுங்கள். தெருவின் பெயர், ஆழம், அகலம், தேதி போட்டு, "ஷோரிங் பலகை, முட்டு, ஏணி, கேபிள் வரைபடம் வந்ததும் ஆட்களை இறக்கத் தயார்" என்று இரண்டே பத்தியில் எழுதி ஸ்பீட் போஸ்டில் கம்பெனிக்கு அனுப்புங்கள். நகல் நகராட்சிப் பொறியாளருக்கும் போகட்டும். வாட்ஸ்அப்பிலும் இன்ஜினியருக்கு அனுப்பி, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பத்திரத்தைப் பற்றி அதில் பேச்சே வேண்டாம். மீண்டும் கேட்டால் வக்கீலிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

இரண்டு நாளில் பதில் வராவிட்டால், மாவட்டத்தில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். உடனடி ஆபத்து என்று கருதும் தொழிலாளியே நேராகத் தெரிவிக்கவும் 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு உரிமை தருகிறது. அந்தத் தொகுப்பின்படி, கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

கடைசியாக ஒரு வேலை. நகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஒப்பந்தத்தின் வேலை அட்டவணையைக் கேளுங்கள். ஆழமான சாக்கடை வேலைகளில் ஷோரிங் பலகைக்கென்று சதுர மீட்டர் கணக்கில் தனி இனம் போட்டிருப்பது உண்டு. உங்கள் வேலையிலும் அப்படி இருந்தால், தராத பலகைக்குக் கம்பெனி பில் போடுகிறதா என்பது அடுத்த கேள்வியாகிவிடும், அதை நகராட்சியே கேட்கும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்று மனுவில் குறிப்பிடுங்கள். அப்படியானால் 30 நாள் அல்ல, 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 7(1) பிரிவு.